சவுதியில் இருந்து வந்த தம்பியும் ஒரு பழைய செக்கும்

2022 சித்திரையில் சின்னம்மா மகன் சவுதியில் இருந்து ஊருக்கு வந்து சேர்ந்தான். பதினோரு வருடம் தம்மாமில் சாரம் கட்டுகிற வேலை. "இனி போகலண்ணே, முட்டி தாங்கல" என்று வந்த அன்றே சொல்லிவிட்டான். பெயர் வேண்டாம், தம்பி என்றே எழுதுகிறேன். இதில் நான் செய்த ஒரு தப்பும் வருகிறது. அதை மறைத்து எழுதினால் இந்தப் பதிவுக்கே அர்த்தம் இல்லை.

வெளிநாட்டில் இருந்து ஒருத்தன் ஒரேயடியாக வந்துவிட்டான் என்ற சேதி எங்கள் ஆலங்குடிப் பக்கம் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று நகரத்தில் இருக்கும் உங்களுக்குத் தெரியாது. முதல் வாரத்திலேயே நாலு பேர் வந்தார்கள். ஒருத்தர் ரோட்டடி மனை காட்டினார். ஒருத்தர் வண்டி எடுத்து வாடகைக்கு விடு என்றார். ஒருத்தர் பரண் மேல் ஆடு வளர்ப்பு என்று செல்போனில் படம் ஓட்டிக் காட்டினார். நாலாவது ஆள் தூரத்துச் சொந்தம். ரெண்டு லட்சம் கைமாற்று, ஆறே மாதம் என்றார்.

தம்பி இரவில் என் களத்துக்கு வந்து உட்கார்ந்தான். "அண்ணே, எல்லாரும் சொல்றது சரியாத்தான் தெரியுது. அதான் பயமா இருக்கு."

எனக்கும் பயம்தான். காரணம் என் மச்சினன். அவனும் 2017-ல் குவைத்தில் இருந்து ஏழு லட்சத்தோடு வந்தவன். நாலரை லட்சத்துக்குப் பரண் கொட்டகை போட்டான். ஒரே நாளில் சந்தையில் நாற்பது ஆடு வாங்கினான். வெவ்வேறு ஊரில் இருந்து வந்த ஆடுகளைத் தடுப்பூசி போட்டதா என்று கேட்காமல், தனியாக ரெண்டு வாரம் கட்டி வைத்துப் பார்க்காமல், நேராகப் பரணில் ஏற்றினான். ஆட்டுக்கொல்லி நோய் வந்தது. மூக்கு ஒழுகி, வாய் புண்ணாகி, கழிந்து கழிந்தே மூணு வாரத்தில் 23 ஆடு போயிற்று. மிச்ச ஆட்டுக்குத் தீவனம் வாங்கக் கையில் காசு இல்லை. கொட்டகைக் கம்பியைப் பிரித்து விற்றால் யார் வாங்குவார்? அடுத்த வருடமே திரும்பவும் குவைத்துக்குப் போனான். கொட்டகை திறப்புக்கு நானும் போய் முன்வரிசையில் சாப்பிட்டுவிட்டு வந்தேன். "எல்லாப் பணத்தையும் கம்பியில போடாதடா" என்று சொல்ல வாய் வரவில்லை. கைகாரன், கெட்டிக்காரன், நமக்கென்ன தெரியும் என்று இருந்துவிட்டேன்.

அதனால் தம்பியிடம் முதலில் தொழிலைப் பற்றிப் பேசவில்லை. "மொத்தம் எவ்வளவு வச்சிருக்க, மறைக்காம சொல்லு" என்றேன். 9 லட்சத்து 20 ஆயிரம். ஒரு நோட்டு எடுத்து எழுதினோம்.

முதலில் கழித்தது நகைக்கடன். தம்பி சம்சாரத்தின் நகை அடகில் இருந்தது, 1 லட்சத்து 10 ஆயிரம். அதை மீட்டாயிற்று. அடுத்து வீட்டுச் செலவு. பிள்ளைகள் படிப்போடு சேர்த்து மாதம் 15 ஆயிரம் என்றாள் அவள். பன்னிரண்டு மாதத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். அதைத் தனியாக வங்கியில் போட்டு, மாதம் 15 ஆயிரத்துக்கு மேல் எடுப்பதில்லை என்று பேசிக்கொண்டோம். ஆஸ்பத்திரி அது இது என்று 50 ஆயிரம். இதெல்லாம் போக மிச்சம் 5 லட்சத்து 80 ஆயிரம். தொழிலுக்கான பணம் இவ்வளவுதான்.

"ஒம்பது லட்சம் வச்சிருக்கேன்னு நெனச்சேன்" என்றான். ஊரும் அப்படித்தான் நினைத்தது.

இந்த 5.80-ஐயும் ரெண்டாகப் பிரித்தோம். திரும்ப விற்றால் பாதி விலைகூடப் போகாத பொருளுக்கு, அதாவது மிசின், கொட்டகை, ஒயரிங் மாதிரி செலவுக்குப் பாதிக்கு மேல் போகக் கூடாது. மறு பாதி சரக்கு வாங்கவும், விற்ற சரக்குக்குக் காசு வரும்வரை தாங்கவும். மச்சினனுக்கு நான் சொல்லாமல் விட்டது இதைத்தான். இன்னொன்றும் எழுதினோம்: மூணு மாதத்துக்கு எதுவும் வாங்குவதில்லை. தம்பி சம்சாரத்துக்கு இதில் வருத்தம். மாடியில் ஒரு ரூம் போட வேண்டும் என்பது அவளுடைய பத்து வருட ஆசை. "ரூமு வாடகை தராது தாயி, தொழில் நின்னதும் போட்டுக்கலாம்" என்றேன். ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

செக்கு என்ற யோசனை தம்பியுடையதுதான். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு தென்னை உண்டு. கஜா புயலில் பாதி சாய்ந்தும் மிச்சம் இருக்கிறது. கடலையும் போடுகிறோம். ஆனால் கொப்பரையோ கடலையோ ஆட்ட வேண்டும் என்றால் 14 கிலோமீட்டர் போக வேண்டும். "அங்க எத்தனை பேரு போறாங்கன்னு எண்ணிப் பாத்துட்டு வா" என்றேன். ரெண்டு சனிக்கிழமை அந்தக் கடைக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து மூட்டைகளை எண்ணினான். எங்கள் நாலு ஊரில் இருந்து மட்டும் ஒரு நாளைக்கு ஏழெட்டு மூட்டை வந்தது. ரெண்டு பேர் வரிசை பெரிதாக இருந்ததால் ஆட்டாமலே திரும்பிப் போனார்கள். திரும்பிப் போன அந்த ரெண்டு பேரைப் பார்த்த பிறகுதான் எனக்கும் நம்பிக்கை வந்தது.

அப்படியும் மிசின் வாங்கவில்லை. நாற்பது கிலோமீட்டர் தள்ளி, நமக்குப் போட்டி வராத ஊரில், ஒரு செக்குக்காரரிடம் ரெண்டு மாதம் கூலிக்குச் சேர்ந்தான். "சவுதி ரிட்டர்ன் இங்க மூட்டை தூக்குறான்" என்று ஊரில் சிரித்தார்கள். அந்த ரெண்டு மாதத்தில் அவன் கற்றதை எந்த வீடியோவும் சொல்லித் தந்திருக்காது.

நீங்கள் கடையில் மரச்செக்கு எண்ணெய் வாங்குகிறவராக இருந்தால் உங்களுக்கும் இது தெரிய வேண்டியதுதான். கல்லிலோ மரத்திலோ ஒரு உரல், அதற்குள் வாகை மரத்து உலக்கை, சுற்றுவதற்கு மாட்டுக்குப் பதில் மோட்டார். ஒரு ஈடு, அதாவது ஒரு தடவை உரலில் போடுகிற அளவு, அவன் வேலை பார்த்த செக்கில் 15 கிலோ. முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவசரப்பட்டு எடுத்தால் எண்ணெய் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். நல்ல கடலைப் பருப்பு என்றால் இரண்டரைக் கிலோவுக்கு ஒரு லிட்டர் எண்ணெய். கொப்பரை என்றால் அதே எடைக்கு இதைவிடக் கூட வரும். எள்ளுக்குக் கருப்பட்டி போட வேண்டும். இறங்கிய எண்ணெயை ரெண்டு மூணு நாள் வெயிலில் தெளிய விட்டு, கசண்டை அடியில் நிறுத்தி மேலாக எடுக்க வேண்டும். கசண்டோடு புட்டியில் அடைத்தால் சீக்கிரமே காறும்.

இதையெல்லாம் விடப் பெரிய பாடம் ஒன்று கற்றான். செக்கு என்பது ஒரு தொழில் இல்லை, ரெண்டு தொழில். ஒன்று, அடுத்தவர் கொண்டுவரும் சரக்கைக் கூலிக்கு ஆட்டித் தருவது. அப்போது கிலோவுக்கு 12 ரூபாய். ஒரு ஈட்டுக்கு 180. கரண்டு 25 ரூபாய்க்குள். சரக்கு அவர்களுடையது, எண்ணெயும் புண்ணாக்கும் அவர்களுடையது, காசு அப்போதே கையில். இன்னொன்று, நாமே கடலை வாங்கி, ஆட்டி, புட்டியில் அடைத்து விற்பது. பேரும் மரியாதையும் இதில்தான். பணம் முடங்குவதும் இதில்தான்.

அவன் எழுதி வந்த கணக்கை அப்படியே தருகிறேன். அன்றைய விலை. பருப்பு கிலோ 96 ரூபாய், இரண்டரைக் கிலோ 240. அதில் கிடைக்கும் 1.4 கிலோ புண்ணாக்கைக் கிலோ 40 என்று விற்றால் 56 திரும்பி வரும். மிச்சம் 184. கரண்டு, கூலி 20. புட்டி, மூடி, லேபிள் 12. ஆக ஒரு லிட்டரின் அடக்கம் 216. விற்கிற விலை 250. நிற்பது 34 ரூபாய்.

"34 ரூவா நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

"அண்ணே, ஒரு லிட்டர் எண்ணெயைக் கடன் வாங்கிட்டுப் போனவன் காசு தரலைன்னு வச்சுக்கங்க. எனக்குப் போறது 34 இல்ல, 216. அதை எடுக்க இன்னும் ஏழு லிட்டர் விக்கணும். அந்த ஏழு லிட்டருக்கு நான் சும்மா வேலை பாக்கணும்."

அவன் வேலை பார்த்த செக்குக்காரரின் கடன் நோட்டில் ஒன்றரை லட்சம் நின்றதாம். கடைகளுக்குப் போட்டது, சொந்தக்காரர்கள் கொண்டு போனது. அதனால் முதல் வருடம் கூலிக்கு ஆட்டுவதுதான் தொழில், எண்ணெய் விற்பது கையில் ரொக்கம் கொடுப்பவருக்கு மட்டும் என்று முடிவு செய்தோம். 'கடன் இல்லை' என்று போர்டு வைக்கவில்லை. போர்டு வைத்தால் சொந்தக்காரன், "அது அடுத்தவனுக்கு" என்பான். மாறாக, எண்ணெய்ப் பணம் தம்பி சம்சாரத்தின் கையில் என்று வைத்தோம். "அவகிட்ட கேட்டுக்கங்க" என்றால் பாதிப் பேர் கேட்பதில்லை.

இனி வாங்கிய கதை. ஒரு கம்பெனி ஆள் வந்து ரெண்டு செக்கு, வடிகட்டி, உடைக்கிற மிசின் எல்லாம் சேர்த்து 12 லட்சத்துக்கு விலைப்புள்ளி கொடுத்தார். "35 சதவீதம் மானியம் சார், பாதி அரசாங்கமே குடுக்குது." மானியம் உண்மைதான். சிறு உணவுத் தொழிலுக்கான மத்தியத் திட்டத்தில் அப்போது 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை இருந்தது. ஆனால் அது வங்கிக் கடனோடு சேர்ந்து வருவது. மானியப் பணம் கைக்கு வராது. கடன் கணக்கோடு மூணு வருடம் முடங்கி நிற்கும், அதுவரை தவணை ஒழுங்காகப் போனால்தான் நமக்குச் சேரும். தொழில் ஓடுகிறவனுக்கு அது நல்ல திட்டம். எத்தனை மூட்டை வரும் என்றே தெரியாதவன் முதல் மாதத்தில் இருந்து தவணை கட்டுவது வேறு. மானியத்துக்காக மிசினைப் பெரிசாக்கக் கூடாது, மூட்டை பெருகினால் மிசினைப் பெரிசாக்கி மானியம் கேட்கலாம் என்று தள்ளி வைத்தோம்.

பழைய செக்கு ஒன்று விலைக்கு வந்தது. 1 லட்சத்து 45 ஆயிரம். தம்பி பேரம் பேசப் போகும்போது தன் கையோடு 15 கிலோ பருப்பு கொண்டு போனான். அங்கேயே போட்டு, ஓடவிட்டு, எண்ணெயையும் புண்ணாக்கையும் எடை போட்டான். எண்ணெய் ஐந்தரை லிட்டர்தான் வந்தது. ஆறு வர வேண்டும். உலக்கை தேய்ந்திருக்கிறது, உரலோடு சரியாக உரசவில்லை என்று கண்டுபிடித்தான். ரெண்டு மாதம் மூட்டை தூக்கியதற்குக் கிடைத்த கூலி அந்த அரை லிட்டர்தான் என்பேன். புது உலக்கைக்கு ஆகும் காசை விலையில் குறைக்கச் சொன்னான், கொஞ்சம் குறைத்தார்கள். அந்தக் காசு உலக்கை, வண்டி வாடகை, அடித்தளம் என்று 20 ஆயிரமாகச் செலவானது. ஆக மிசினுக்கு முதலில் கேட்ட விலைக்கு மேலேதான் ஆயிற்று. ஆனால் தெரிந்து ஆயிற்று.

கொட்டகை கட்டவில்லை. மூடிக் கிடந்த ஒரு மாவு மில்லை மாதம் 2500 வாடகைக்குப் பிடித்தான், முன்பணம் 25 ஆயிரம்.

கரண்டில் நான் ஒரு புத்தி சொன்னேன். "எங்கிணத்து மோட்டார் கொட்டகையில வச்சுக்கடா, மும்முனை இருக்கு, கரண்டு சும்மா." நல்லவேளை, லைன்மேன் காதில் விழுந்தது. விவசாயத்துக்குக் கொடுத்த இலவச இணைப்பில் செக்கு ஓட்டினால் அபராதம் போடுவார்கள், உங்கள் இணைப்புக்கே ஆபத்து என்று என்னைத்தான் திட்டினார். மாவு மில்லில் புது இணைப்புக்கு எழுதிப் போட்டு வர ஏழு வாரம் ஆயிற்று. வைப்புத்தொகை, ஒயரிங் எல்லாம் 32 ஆயிரம். அந்த ஏழு வாரமும் வருமானம் இல்லாமல் ஓடியது தனியாகப் போட்டு வைத்த வீட்டுச் செலவுப் பணத்தில்தான். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் அந்த இடைவெளியில் வாங்கினான். எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்கக் கூடாது, அடைத்து முத்திரை வைத்து, தேதியும் அளவும் விலையும் பதிவு எண்ணும் அச்சடித்துத்தான் விற்க வேண்டும் என்று அங்கேதான் தெரிந்தது. முன்னமே ரெண்டாயிரம் லேபிள் அச்சடித்திருந்தால் அத்தனையும் குப்பைக்குப் போயிருக்கும்.

தராசு, தகரம், சல்லடைக்கு இன்னொரு 20 ஆயிரம். மொத்தம் 2 லட்சத்து 42 ஆயிரம். வைத்த கோட்டுக்குள் நின்றது.

ஆவணியில் ஓட ஆரம்பித்தது. முதல் மாதம் வந்த சரக்கு 400 கிலோ. தம்பிக்கு முகமே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. அதற்கு ஒரு காரணம், ஆட்டுவதற்கு முன்னும் பின்னும் வந்தவர் கண் முன்னால் எடை போட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தது. 15 கிலோ போட்டு, எண்ணெயும் புண்ணாக்கும் கசண்டும் சேர்த்து எடை கிட்டத்தட்ட அங்கேயே வர வேண்டும். கூலிச் செக்கில் ஜனங்களுக்கு இருக்கும் ஒரே சந்தேகம், 'என் எண்ணெயை எடுத்துட்டானோ' என்பதுதான். ஆறு கிலோ கொப்பரையோடு ஒரு அம்மா வந்தார். அவ்வளவு குறைவாகப் போட்டால் உலக்கைக்குப் பிடிக்காது. அடுத்தவர் சரக்கோடு சேர்த்து ஆட்டினால் யாருடையது நல்ல கொப்பரை என்று சண்டை வரும். பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வாங்க என்று அனுப்பினான். அடுத்த வாரம் மூணு வீடு சேர்ந்து வந்தது.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

ஐப்பசியில் என் மானாவாரிக் கடலை வந்தது. தம்பி எண்ணெய் விற்கக் கொஞ்சம் சரக்கு தேடிக்கொண்டிருந்தான். அறுவடை நேரம், விலை இறங்கியிருந்தது. "அண்ணங்கிட்டயே வாங்கிக்கிறேன்" என்றான். ஆயிரம் கிலோ காய், கிலோ 65 ரூபாய், 65 ஆயிரம் ரொக்கமாகக் கொடுத்தான்.

ஐப்பசிக் கடலையின் சங்கடம் விவசாயிக்குத் தெரியும். காயைப் பறிக்கும்போதே மழை தொடங்கிவிடும். கடலை நன்றாகக் காய நல்ல வெயில் நாலைந்து நாள் வேண்டும். எனக்கு ரெண்டு நாள்தான் கிடைத்தது. மூணாம் நாள் மழை. தார்ப்பாய் போட்டு மூடி, மழை விட்டதும் அரைகுறையாக உலர்த்திச் சாக்கில் கட்டினேன். காய்ந்த காயைக் காதோரம் வைத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு உருளும் சத்தம் கேட்க வேண்டும். பருப்பைக் கடித்தால் படக்கென்று உடைய வேண்டும். நான் குலுக்கிப் பார்த்தேன். பாதிக் காய் பேசவில்லை. பார்த்தும், அடுத்த வாரம் எடுப்பான், பரவாயில்லை என்று ஏற்றிவிட்டேன். தம்பியும் குலுக்கிப் பார்க்கவில்லை. அண்ணன் சரக்கு அல்லவா.

அவன் பங்குக்கும் ஒரு தப்பு. ஆயிரம் கிலோவையும் ஒரே நாளில் மில்லில் உடைத்தான். பருப்பு முழுசாக வர உடைப்பதற்கு முன் காயில் தண்ணீர் தெளிப்பார்கள். 690 கிலோ பருப்பு வந்தது. அதைத் திரும்பக் காய வைக்காமல், சிமெண்டுத் தரையில் சுவரோடு ஒட்டி அடுக்கினான். காயாகவே வைத்திருந்தால் மேலோடு ஓரளவு காப்பாற்றியிருக்கும். உடைத்த பருப்பு தரையின் ஈரத்தையும் சுவரின் ஈரத்தையும் குடித்தது.

மார்கழியில் சென்னைக்கு அனுப்பிய எண்ணெயில் 18 லிட்டர் திரும்பி வந்தது. கசப்பு, காறல் வாடை. மூட்டையைப் பிரித்துப் பார்த்தோம். சுவர்ப் பக்க மூட்டைகளில் பருப்பை ரெண்டாகப் பிளந்தால் நடுவில் பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சை. நல்ல மூட்டைகளைத் தனியாக ஒதுக்கி, மோசமானதை எடை போட்டோம். 170 கிலோ.

ஒரு வியாபாரி வந்தார். "எனக்குக் குடுங்க, புண்ணாக்காக்கி மாட்டுக்கு வித்துடுறேன்" என்று அரை விலை சொன்னார். தம்பி என்னைப் பார்த்தான். அந்தப் பூஞ்சை விடும் நஞ்சு மாட்டின் ஈரலைக் கெடுக்கும், பாலிலும் இறங்கும். பால் குடிப்பது நம் பிள்ளைகள். வேண்டாம் என்று குழி வெட்டிப் புதைத்தோம். பருப்பு மட்டும் 16 ஆயிரம் ரூபாய்க்கு மேல். திரும்பி வந்த எண்ணெய்க்குக் கொடுத்த பணம் தனி.

தம்பி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நாந்தான் சரியா அடுக்கலண்ணே" என்றான். ஒரு வாரம் நானும் வாயைத் திறக்கவில்லை. எட்டாம் நாள் ராத்திரி தூக்கம் வராமல் அவன் வீட்டுக்குப் போய், காய் காயவில்லை என்று தெரிந்தேதான் ஏற்றினேன் என்று சொன்னேன். தம்பி சம்சாரம் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "தெரியும் மாமா" என்றாள். "மூட்டை எறக்கும்போதே கனமா இருந்துச்சு. ஒங்க சரக்குன்னு சொல்லலை." மூணு பேருக்கும் தெரிந்திருக்கிறது. சொந்தம் என்று மூணு பேரும் சோதிக்காமல் விட்டோம்.

சித்திரையில் வெயில் கடலை எடுத்ததும் 170 கிலோ பருப்புக்குச் சமமான காயை நன்றாகக் காய வைத்து அவன் கொட்டகையில் இறக்கினேன். வேண்டாம் என்றான். வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வருடக் கணக்கு பார்த்தோம். ஆரம்ப மாதங்களில் ஐயாயிரம், ஏழாயிரம் என்று வந்தது தை மாதத்துக்குப் பிறகு நின்றுவிட்டது. மாதம் சராசரி 1600 கிலோ கூலிக்கு ஆட்டுகிறான், 19 ஆயிரத்துச் சொச்சம். வாடகை, கரண்டு, மரவேலை போக 12 ஆயிரத்து 400. எண்ணெய் 120 லிட்டர் விற்பதில் நாலாயிரம். ஆக 16 ஆயிரத்து ஐந்நூறு பக்கம். தம்மாமில் இருந்து மாதம் 22 ஆயிரம் அனுப்பிக்கொண்டிருந்தவன் அவன். குறைவுதான். ஆனால் வீட்டுச் செலவுக்கென்று போட்ட 1 லட்சத்து 80 ஆயிரத்தில் 70 ஆயிரத்துச் சொச்சம் மிச்சம் இருந்தது. சரக்குக்கு ஒதுக்கிய பணத்தில், நஷ்டம் போகவும், இரண்டரை லட்சம் பக்கம் வங்கியில் நின்றது.

அந்தப் பணம் நின்றதுதான் ரெண்டாம் வருடத்துக்கு உதவியது. 2023 சித்திரையில், வெயிலில் காய்ந்த கடலை சல்லிசாகக் கிடைக்கும் ஒரு மாதத்தில், ரொக்கம் கொடுத்து இரண்டரை டன் காய் வாங்கினான். கொட்டகையிலும் மிசினிலும் எல்லாவற்றையும் போட்டிருந்தால் இந்தச் சரக்கை அவனால் தொட்டிருக்க முடியாது. இப்போது காயாகவே வைக்கிறான். பலகை போட்டு, சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி, சாக்கில். வாராவாரம் தேவைக்கு மட்டும் உடைக்கிறான். உடைத்ததை ஒரு நாள் வெயில் காட்டுகிறான்.

என் கடலையையும் வாங்கினான். மூட்டையை வண்டியில் இருந்து இறக்கும் முன் கையை விட்டு ஒரு பிடி எடுத்துக் காதோரம் குலுக்கினான். பத்துக் காயை உடைத்து, பருப்பைப் பிளந்து பார்த்தான். ஒன்றைக் கடித்தான். படக்கென்றது.

"எறக்கலாம்ணே" என்றான்.

மாடி ரூம் இன்னும் போடவில்லை. தம்பி சம்சாரம் என்னோடு இப்போது பேசுகிறாள்.